பாதி பொருந்தும் பாஸேஜில் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்: பிரித்தறியும் வழி

ஐஇஎல்டிஎஸ் ரீடிங் தேர்வுக்குப் புதிதாகத் தயாராகிறவர்கள் பலருக்கும் அதிக மதிப்பெண் கசிவது TRUE, FALSE, NOT GIVEN கேள்விகளில்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். பாஸேஜ் புரியாததால் வருகிற தடுமாற்றம் இல்லை இது. கேள்வியில் சொன்ன ஆள் பாஸேஜில் இருக்கிறார், ஊர் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கிற விஷயம் மட்டும் அங்கே இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடிவதில்லை. இந்தப் பாதிப் பொருத்தத்தை எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

தேர்வின் அமைப்பு சுருக்கமாக: 60 நிமிடம், 40 கேள்விகள், மூன்று பகுதிகள். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ட்ரூ-ஃபால்ஸ் கேள்விகள் எல்லாத் தேர்வுத் தாளிலும் வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் அடிக்கடி வரும். வந்தால் ஒரு தொகுப்பாக, வரிசையாக வரும்.

மூன்று பதில்களுக்கும் என்ன பொருள்

கேள்வித்தாளிலேயே விளக்கம் இருக்கிறது. கூற்று பாஸேஜில் உள்ள தகவலோடு ஒத்துப்போனால் ட்ரூ. பாஸேஜில் உள்ள தகவலுக்கு முரணாக இருந்தால் ஃபால்ஸ். அதைப் பற்றித் தகவல் இல்லையென்றால் நாட் கிவன்.

இதைப் படித்துவிட்டுப் பலர் மனதில் வேறு மாதிரிப் பதிய வைத்துக்கொள்கிறார்கள். "பாஸேஜில் இல்லாவிட்டால் ஃபால்ஸ்" என்பது ஒரு தவறான பதிவு. "அந்தப் பேச்சே பாஸேஜில் இல்லாவிட்டால்தான் நாட் கிவன்" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது. கேள்வி தயாரிக்கிறவர்கள் பாஸேஜுக்குச் சம்பந்தமே இல்லாத கூற்றை நாட் கிவன் கேள்வியாக வைக்க மாட்டார்கள், அதை யாரும் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாட் கிவன் கூற்றில் பெரும்பாலும் பாஸேஜில் வந்த பெயரும் பொருளும் இருக்கும். அவற்றைப் பற்றிய ஒரு செய்தி மட்டும் விடுபட்டிருக்கும்.

எனவே நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இதுதான். கூற்றை எடுத்துக்கொண்டு அதன் எதிர்க்கூற்றையும் மனதில் எழுதுங்கள். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பாஸேஜின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸேஜ் உண்மை என்று வைத்துக்கொண்டால் எதிர்க்கூற்று உண்மையாக இருக்கவே முடியாது என்றால், கூற்று ட்ரூ. கூற்று உண்மையாக இருக்கவே முடியாது என்றால் ஃபால்ஸ். கூற்றை வைத்தாலும் எதிர்க்கூற்றை வைத்தாலும் பாஸேஜில் ஒரு வரிகூட இடிக்கவில்லை என்றால் நாட் கிவன். சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரு பாஸேஜ், எட்டுக் கூற்றுகள்

தேர்வில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் இங்கே மொழிச் சிக்கலை ஒதுக்கிவிட்டுத் தர்க்கத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பதால் தமிழிலேயே ஒரு சிறு பாஸேஜ் எழுதியிருக்கிறேன். இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்த கதை இது. இந்த மாதிரி அறிவியலும் வரலாறும் கலந்த பொருள் ஐஇஎல்டிஎஸ் பாஸேஜ்களுக்குப் பொருத்தமானதுதான். வரிகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன். தேர்வில் எண் இருக்காது.

(1) 1860களில் இலங்கை மலைநாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பயிர் காப்பி. (2) ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். (3) 1869இல் காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த புள்ளிகள் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டன. அது ஒரு பூஞ்சை நோய் என்று தெரியவந்தது. (4) நோயை ஆராய்வதற்காகத் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட் 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். (5) பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன என்பதையும், பெரும் பரப்பில் ஒரே பயிரை இடைவெளியின்றி வளர்ப்பது அந்தப் பரவலுக்கு உதவுகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். (6) ஆனால் நோயைக் குணப்படுத்தும் வழி எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. (7) தோட்டக்காரர்கள் சிலர் காப்பியை விட்டுச் சின்கோனா மரத்துக்கு மாறினார்கள். அதன் பட்டையின் விலை பின்னர் சரிந்தது. (8) அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. ஒரு சில இடங்களில் மட்டும் காப்பி தொடர்ந்தது.

இனி கூற்றுகள். கீழே உள்ள விளக்கத்தைப் படிக்கும் முன் ஒரு தாளில் உங்கள் பதில்களை எழுதிவிடுங்கள்.

அ. ஜேம்ஸ் டெய்லருக்கு முன் இலங்கையில் யாரும் தேயிலை நட்டதில்லை.
ஆ. காப்பியில் நோய் கண்டதைப் பார்த்த பிறகே டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார்.
இ. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை வார்ட் விளக்கினார்.
ஈ. வார்டின் ஆய்வுக்குப் பின் தோட்டக்காரர்கள் காப்பிக்கு இடையே வேறு மரங்களை வளர்க்கத் தொடங்கினார்கள்.
உ. குடும்பத்துடன் இலங்கைக்கு வந்த வார்ட், நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார்.
ஊ. சின்கோனாவைவிடத் தேயிலை தோட்டக்காரர்களுக்கு அதிக லாபம் தந்தது.
எ. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் மலைநாட்டுத் தோட்டங்கள் எல்லாமே தேயிலைக்கு மாறியிருந்தன.
ஏ. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

முதல் படி: கூற்றை உடைப்பது

பாஸேஜைத் தேடப் போகும் முன் கூற்றைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். யார், என்ன செய்தார், எப்போது, எவ்வளவு, ஏன், எதைவிட. எல்லாக் கூற்றிலும் எல்லாத் துண்டும் இருக்காது. ஆனால் ஒன்றில் மட்டும் கேள்வியின் எடை முழுவதும் உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டைத்தான் பாஸேஜில் தேட வேண்டும். பெயரைத் தேடிக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை.

கூற்று அ-வை எடுத்துக்கொள்வோம். டெய்லர், தேயிலை, நட்டது: மூன்றும் 2ஆம் வரியில் இருக்கின்றன. எடை இருக்கும் துண்டு "முன் யாரும் நட்டதில்லை" என்பது. 2ஆம் வரி அவர் நட்டார் என்கிறது, முதலில் நட்டார் என்று சொல்லவில்லை. எதிர்க்கூற்றை வைத்துப் பாருங்கள்: "டெய்லருக்கு முன்பும் யாரோ தேயிலை நட்டிருக்கிறார்கள்." பாஸேஜில் எதுவும் இடிக்கவில்லை. கூற்றை அப்படியே வைத்தாலும் இடிக்கவில்லை. எனவே நாட் கிவன்.

வரலாறு தெரிந்தவர் இங்கே ஃபால்ஸ் போட்டிருப்பார். டெய்லருக்குப் பல ஆண்டுகள் முன்பே பேராதனைத் தாவரவியல் பூங்காவில் தேயிலைச் செடிகள் இருந்தன என்பது உண்மைதான். அரைகுறையாகத் தெரிந்தவரோ, இலங்கைத் தேயிலை என்றாலே டெய்லர் என்று ட்ரூ போட்டிருப்பார். இரண்டு பேரும் தங்கள் அறிவிலிருந்து பதில் சொன்னார்கள், பாஸேஜிலிருந்து சொல்லவில்லை.

முரண் என்றால் நேராக மறுக்க வேண்டியதில்லை

கூற்று ஆ-வுக்கு வருவோம். இதில் நிறையப் பேர் நாட் கிவன் போடுவார்கள். "டெய்லர் ஏன் நட்டார் என்று பாஸேஜில் இல்லையே" என்பது அவர்கள் வாதம். கூற்று ஏன் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கிறது. 2ஆம் வரியில் 1867. 3ஆம் வரியில் நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது 1869. நோயைப் பார்த்த பிறகு அவர் நட்டிருக்க முடியாது. ஃபால்ஸ்.

கவனியுங்கள், "டெய்லர் நோய் வருவதற்கு முன்பே நட்டுவிட்டார்" என்று பாஸேஜில் எந்த வரியும் இல்லை. இரண்டு வரிகளைச் சேர்த்தால்தான் முரண் வெளிப்படுகிறது. ஃபால்ஸ் என்றால் "இல்லை" என்ற சொல்லோடு ஒரு வரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். ஆண்டுகளை ஒப்பிடுவது, சிறிய கூட்டல் கழித்தல், ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள இன்னொரு சொல் வருவது, இவையெல்லாம் தேர்வில் அனுமதிக்கப்பட்ட ஊகங்கள்தான். அனுமதி இல்லாதது, "பொதுவாக இப்படித்தானே நடக்கும்" என்று நீங்களாக நிரப்புவது.

இதே கூற்றை "காப்பி நோய் குறித்த பயத்தால் டெய்லர் தேயிலை நட்டார்" என்று மாற்றினால் என்ன ஆகும்? நோயே தெரியாத ஆண்டில் அந்தப் பயம் இருந்திருக்காது என்று ஃபால்ஸ் போடலாம். "காப்பி விலை குறையும் என்று கருதி நட்டார்" என்று மாற்றினால் அது நாட் கிவன். நோக்கத்தைப் பற்றிப் பாஸேஜ் வாய் திறக்கவில்லை. ஒரே வரியைச் சுற்றி மூன்று விதமான கேள்வி எழுப்பலாம், பதில் கேள்வியின் எடை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

கூற்று இ பற்றிப் பேச அதிகம் இல்லை. வித்துகள் காற்றில் பரவுகின்றன என்று எடுத்துக்காட்டியிருக்கிறார், ட்ரூ. "விளக்கினார் என்று இல்லையே, எடுத்துக்காட்டினார் என்றுதானே இருக்கிறது" என்று நாட் கிவன் போடுபவர்களும் உண்டு. நாட் கிவன் பயம் பிடித்துக்கொண்டால் எல்லாமே நாட் கிவனாகத் தெரியும். எதிர்க்கூற்றுச் சோதனை இதிலிருந்தும் காப்பாற்றும்: "நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை வார்ட் விளக்கவில்லை" என்று எழுதி 5ஆம் வரியின் பக்கத்தில் வைத்தால் உடனே இடிக்கும்.

சொன்னதும் நடந்ததும் வேறு

கூற்று ஈ-தான் இந்த எட்டில் அதிகம் ஏமாற்றுவது. ஒரே பயிரை இடைவெளியின்றி வளர்ப்பது நோய் பரவ உதவுகிறது என்று வார்ட் காட்டினார். அப்படியானால் தோட்டக்காரர்கள் நடுவே வேறு மரம் வைத்திருப்பார்கள் என்று மனம் தானாக அடுத்த அடி எடுத்து வைக்கிறது. சிலருக்கு எதிர்த்திசையில் போகிறது: எல்லாரும் தேயிலைக்கு மாறிவிட்டார்களே, அப்படியானால் வார்ட் பேச்சைக் கேட்கவில்லை, எனவே ஃபால்ஸ்.

இரண்டும் நம் கற்பனை. நூற்றாண்டு முடிவதற்குள் மாறினார்கள் என்பதால் நடுவில் சில ஆண்டுகள் வேறு மரங்களை வைத்துப் பார்க்கவில்லை என்று ஆகிவிடாது. வைத்தார்கள் என்றும் வரி இல்லை. நாட் கிவன்.

ஆய்வுகளைப் பற்றிய பாஸேஜ்களில் இந்த வகைக் கூற்றுக்கு நல்ல இடம் உண்டு. பாஸேஜில் ஒரு விஞ்ஞானி எதையோ கண்டுபிடிப்பார் அல்லது பரிந்துரைப்பார். கூற்றில் அது செயல்படுத்தப்பட்டதாகவோ, மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதாகவோ, பலன் தந்ததாகவோ வரும். நம்பிக்கையும் இதே போலத்தான். "பருவநிலை மாறினால் நோய் போய்விடும் என்று தோட்டக்காரர்கள் நம்பினார்கள்" என்று ஒரு வரி இருந்தால், "தோட்டக்காரர்கள் நோய் தானாகப் போகும் என்று கருதினர்" என்பது ட்ரூ. "பருவநிலை மாறியதும் நோய் குறைந்தது" என்பதற்கு அந்த வரி ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆங்கிலப் பாஸேஜில் பிலீவ், க்ளைம், சஜெஸ்ட், ஹோப் போன்ற வினைச்சொற்களைக் கண்டால் அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது யாரோ ஒருவரின் கருத்து, நடந்த நிகழ்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கூற்றில் இரண்டு செய்தி

கூற்று உ-வில் வேண்டுமென்றே இரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறேன். குடும்பத்துடன் வந்தாரா என்பது பாஸேஜில் இல்லை. மருந்து கண்டுபிடித்தார் என்பதை 6ஆம் வரி மறுக்கிறது. பாதி நாட் கிவன், பாதி ஃபால்ஸ். எதைப் போடுவது?

ஃபால்ஸ். ஒரு துண்டு உடைந்தாலே கூற்று முழுதும் உண்மையாக இருக்க முடியாது. அவர் குடும்பத்துடன் வந்திருந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கூற்று உண்மையாகாது. ஒரு துண்டு ட்ரூ, இன்னொன்று நாட் கிவன் என்று வந்தால் கூற்று நாட் கிவன், ஏனென்றால் தெரியாத அந்தத் துண்டு எப்படியும் இருக்கலாம். "1880இல் குடும்பத்துடன் வந்த வார்ட், நோய் பரவும் வழியை விளக்கினார்" என்றால் அப்படித்தான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வரிசை ஒன்று போதும். முதலில் முரண்படும் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே ஃபால்ஸ் போட்டு நகர்ந்துவிடலாம். முரண் இல்லையென்றால், விடுபட்ட துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாட் கிவன். அதுவும் இல்லையென்றால்தான் ட்ரூ. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொருந்தும் துண்டை முதலில் கண்டுபிடித்து, மகிழ்ந்து, ட்ரூ போட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒப்பீடும் அளவும்

கூற்று ஊ-வில் சின்கோனாவும் இருக்கிறது, தேயிலையும் இருக்கிறது. சின்கோனாப் பட்டையின் விலை சரிந்தது என்றும், பெரும்பாலான தோட்டங்கள் தேயிலைக்கு மாறின என்றும் தெரிகிறது. எனவே தேயிலை அதிக லாபம் தந்திருக்கும் என்று தோன்றுவது நியாயமே. ஆனால் பாஸேஜ் எந்த இடத்திலும் லாபத்தைப் பேசவில்லை, இரண்டையும் ஒப்பிடவும் இல்லை. விலை சரிவதற்கு முன் சின்கோனா கொட்டிக் கொடுத்திருக்கலாம், தேயிலை பல ஆண்டு நஷ்டத்தில் ஓடியிருக்கலாம். அப்படி இருந்தாலும் பாஸேஜின் எட்டு வரியும் உண்மையாகவே நிற்கும். நாட் கிவன்.

ஒப்பீட்டுக் கூற்று வந்தால் மூன்றைத் தேடுங்கள்: ஒப்பிடப்படும் இரண்டு பொருள், பிறகு எந்த அளவுகோலில் ஒப்பிடுகிறார்கள் என்பது. பொருள்கள் இரண்டும் இருந்து அளவுகோல் இல்லையென்றால் அது நாட் கிவனாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் இரண்டுக்கும் எண்கள் தனித்தனியே கொடுக்கப்பட்டிருந்தால் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். "சின்கோனா ஏக்கருக்கு இவ்வளவு, தேயிலை ஏக்கருக்கு இவ்வளவு" என்று தள்ளித்தள்ளி இரண்டு வரிகள் இருந்திருந்தால், ஒப்பீட்டுச் சொல் இல்லாமலேயே கூற்று ட்ரூவோ ஃபால்ஸோ ஆகியிருக்கும்.

அளவுச் சொற்களில் கூற்று எ எளிது. பெரும்பாலான என்று பாஸேஜ், எல்லாமே என்று கூற்று. ஒரு சில இடங்களில் காப்பி தொடர்ந்தது என்றும் இருப்பதால் சந்தேகமே இல்லை, ஃபால்ஸ். ஆங்கிலத்தில் ஆல், மோஸ்ட், சம், ஒன்லி, ஆல்வேஸ், ஆஃப்டன், மே என்ற சொற்கள் கூற்றில் இருந்தால் வட்டம் போடுங்கள். கூற்றை எழுதியவர் அந்தச் சொல்லைச் சும்மா வைத்திருக்க மாட்டார். ஆனால் வட்டம் போட்டதாலேயே ஃபால்ஸ் என்று முடிவுகட்டக் கூடாது. "ஒன்லி வந்தால் ஃபால்ஸ்" என்று சிலர் குறுக்குவழி சொல்லித் தருவார்கள், அதை நம்பாதீர்கள். பாஸேஜும் அதே கறாரான அளவைச் சொல்லியிருந்தால் ட்ரூதான்.

உங்களுக்குத் தெரிந்ததே தடையாகும்போது

கடைசிக் கூற்று ஏ. தமிழ் வாசகருக்கு இதில் பதில் தேடவே தோன்றாது. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் கதை நமக்குத் தெரியும், சிலருக்கு அது சொந்தக் குடும்பக் கதை. கூற்று உண்மையானதுதான். ஆனால் இந்தப் பாஸேஜில் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாட் கிவன்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளில் பாஸேஜ் வந்தால் அதிகக் கவனம் வேண்டும். நர்ஸிங் படித்தவர் மருத்துவப் பாஸேஜில், பொறியாளர் பாலம் கட்டும் பாஸேஜில் இப்படித்தான் சறுக்குகிறார்கள். பதில் எழுதும் முன் விரலை ஆதார வரியின் மேல் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ட்ரூவுக்கும் ஃபால்ஸுக்கும் விரல் வைக்க ஒரு வரியோ இரண்டு வரியோ கட்டாயம் இருக்க வேண்டும். வைக்க இடமில்லாமல் "ஆனால் இது உண்மைதானே" என்று மனம் சொன்னால் அது உங்கள் அறிவு பேசுகிறது.

தேடுவதற்கு எல்லை வைப்பது

நாட் கிவன் கேள்விகள் மதிப்பெண்ணை மட்டும் தின்பதில்லை, நேரத்தையும் தின்கின்றன. இல்லாத வரியைத் தேடித் தேடிச் சிலர் ஒரே கேள்வியில் நாலைந்து நிமிடம் போக்கிவிடுகிறார்கள். மூன்று பாஸேஜுக்கு 60 நிமிடம் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக 20 நிமிடம்தான். தாளில் எழுதும் தேர்வில் ரீடிங் பதில்களை விடைத்தாளுக்கு மாற்றி எழுதுவதற்கும் தனி நேரம் தர மாட்டார்கள், அதுவும் இந்த 60 நிமிடத்துக்குள்தான்.

இங்கே கைகொடுப்பது கேள்விகளின் வரிசை. ட்ரூ-ஃபால்ஸ் தொகுப்பில் கூற்றுகள் பாஸேஜில் தகவல் வரும் அதே வரிசையில்தான் இருக்கும். நம் எட்டுக் கூற்றையே பாருங்கள். இ-க்கான ஆதாரம் 5ஆம் வரியில் கிடைத்தது. உ-க்கான ஆதாரம் 6ஆம் வரியில். அப்படியானால் ஈ-க்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் அது 5, 6 வரிகளின் அருகிலேயே இருக்க வேண்டும். அங்கே இரண்டு முறை படித்தும் இல்லையென்றால் பாஸேஜ் முழுவதும் அலைய வேண்டாம், நாட் கிவன் போட்டுவிட்டு நகரலாம்.

ஆகவே கேள்விகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிடிவாதமாகச் செய்ய வேண்டாம். ஆண்டு, ஆள் பெயர், இடப்பெயர் உள்ள கூற்றுகளை முதலில் பிடியுங்கள். அவை பாஸேஜில் எங்கே விழுகின்றன என்று பக்கத்தில் கேள்வி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினித் தேர்வில் வரியை ஹைலைட் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அப்புறம் நடுவில் தொங்கும் கூற்றுகளை அந்த எல்லைகளுக்குள் மட்டும் தேடுங்கள். ஒரு கூற்றுக்கு ஒன்றரை நிமிடம் தாண்டினால் அப்போதைக்குத் தோன்றுவதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று, பாஸேஜில் ஆசிரியரின் கருத்தை வைத்துக் கேட்கும் தொகுப்பில் ட்ரூவுக்கும் ஃபால்ஸுக்கும் பதிலாக YES, NO என்று எழுதச் சொல்வார்கள். சோதனை முறை அதேதான். ஆனால் விடைத்தாளில் YES எழுத வேண்டிய இடத்தில் TRUE என்று எழுதிவிடாதீர்கள். கேள்வியின் மேலே உள்ள குறிப்பு எந்தச் சொல்லைக் கேட்கிறதோ அதையே முழுதாக எழுதுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும் முறை

பயிற்சித் தேர்வு எழுதிவிட்டு விடைப் பட்டியலைப் பார்த்து, "ஓ, இது நாட் கிவனா" என்று திருத்திக்கொண்டு போவதால் ஒன்றும் மாறாது. அடுத்த தாளில் அதே பிழை வரும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் எழுத்து வேலை செய்யுங்கள்.

சரியான பதில் நாட் கிவன் என்றால், அந்தக் கூற்றை ட்ரூ ஆக்குவதற்குப் பாஸேஜில் எந்த வரி சேர்க்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள். ஃபால்ஸ் ஆக்குவதற்கு எந்த வரி வேண்டும் என்றும் எழுதுங்கள். கூற்று ஈ-க்கு இப்படி வரும். ட்ரூ ஆக்க: "வார்ட் திரும்பிய பின் பல தோட்டங்களில் காப்பி வரிசைகளுக்கு நடுவே காற்றுத் தடுப்பு மரங்கள் நடப்பட்டன." ஃபால்ஸ் ஆக்க: "அவர் சொன்னதை யாரும் பின்பற்றவில்லை, காப்பி முன்போலவே இடைவெளியின்றி வளர்க்கப்பட்டது." இரண்டு வரியையும் எழுதிப் பார்த்த பிறகு பாஸேஜைத் திரும்பப் படித்தால், அங்கே இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

சரியான பதில் ட்ரூ அல்லது ஃபால்ஸாக இருந்து நீங்கள் நாட் கிவன் போட்டிருந்தால் வேலை வேறு. ஆதார வரியையும் கூற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் ஈடாக வந்திருக்கிறது என்று கோடு போட்டு இணையுங்கள். பெரும்பாலும் நீங்கள் அந்த வரியைப் படித்திருப்பீர்கள், சொல் மாறியிருந்ததால் அடையாளம் தெரிந்திருக்காது. அது தர்க்கப் பிழை இல்லை, சொல்வளக் குறை. அதற்குத் தீர்வு ஒத்த பொருள் சொற்களைப் படிப்பதுதான், மேலும் பத்து ட்ரூ-ஃபால்ஸ் பயிற்சி செய்வதில் பலன் இருக்காது.

நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி இந்த இரண்டு வகைப் பிழைகளையும் தனித்தனியே எழுதி வாருங்கள். சில தாள்கள் முடிந்ததும் எந்தப் பக்கம் நிரம்புகிறது என்று பார்த்தால், அடுத்த வாரம் தர்க்கத்தில் உட்கார வேண்டுமா, சொற்களில் உட்கார வேண்டுமா என்பது தெரிந்துவிடும். விடைப் பட்டியல் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். இணையத்தில் யார் யாரோ தயாரித்த பயிற்சிகளில் நாட் கிவன் பதில்கள் தர்க்கமில்லாமல் இருப்பது சகஜம். ஐஇஎல்டிஎஸ் நடத்துகிறவர்களே வெளியிட்ட மாதிரித் தாள்களை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். ஒரு விடையை இந்தச் சோதனையால் எத்தனை முறை பார்த்தும் நியாயப்படுத்த முடியவில்லை, அது அதிகாரப்பூர்வத் தாளும் இல்லை என்றால், அந்தக் கேள்வியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.